இரவு மெனு அட்டை: அச்சுக்குப் போகும் முன் என் மதிப்பீடு

அண்ணே, வணக்கம்.

அச்சகம் கொடுத்த மாதிரி அட்டையை நேற்று இரவு நம் கடையிலேயே, ஏரிப் பக்கம் ஜன்னலோர மேசையில், தொங்கும் மஞ்சள் விளக்கு மட்டும் எரிய உட்கார்ந்து படித்தேன். பகலில் பார்த்தபோது அழகாக இருந்த அட்டைதான். அந்த வெளிச்சத்தில் விலையைத் தவிர வேறெதுவும் தெளிவாகத் தெரியவில்லை.

அடர்பழுப்புப் பின்னணியில் பொன்னிற மெல்லிய எழுத்து. தமிழ்ப் பெயர்கள் 9 பாயிண்ட். இந்த அளவில் ணகர, னகரச் சுழிகள் அடைத்துக்கொள்கின்றன. விலை மட்டும் தடித்த எழுத்தில், வலது ஓரம் ஒரே வரிசையாக நிற்கிறது. பெயரிலிருந்து விலை வரை புள்ளிக்கோடு வேறு. இப்படி இருந்தால் யாரானாலும் விலையை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்து, குறைந்ததில் விரலை வைத்து, அப்புறம்தான் அது என்ன என்று பார்ப்பார்கள். மலைப்பூண்டு மட்டன் சுக்கா 420 என்பது அந்த வரிசையில் வெறும் பெரிய எண். அண்ணி கைப்பக்குவம் அதில் எங்கேயும் தெரியவில்லை. புள்ளிக்கோட்டை எடுத்துவிடுங்கள். விளக்க வரி முடிந்ததும், அதே அளவு எழுத்தில், தடிமன் இல்லாமல் விலை வரட்டும். அரை, முழு விலைகளைச் சாய்கோட்டால் பிரிக்காமல் ‘அரை 240, முழு 420’ என்றே எழுதலாம்.

வெளிர் தாளில் கறுப்பு எழுத்து, தமிழுக்கு 13 பாயிண்ட் போடச் சொல்லுங்கள். நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டப் பார்வை மங்கும். இரவில் இங்கே குடும்பத்தோடு வருகிறவர்களில் பில் கட்டுவது பெரும்பாலும் அவர்கள்தான். பனி ஈரத்துக்கு லேமினேஷன் கட்டாயம் வேண்டும், ஆனால் பளபளப்பு வேண்டாம். விளக்கு அப்படியே அட்டையில் விழுந்து நடுப் பத்தியை மறைக்கிறது. மேட் லேமினேஷன் போதும். சைவ, அசைவப் புள்ளிகளின் பச்சையும் சிவப்பும் அந்த வெளிச்சத்தில் ஒரே கறுப்பாகத்தான் தெரிகின்றன. இதில் ஆளை ஏமாற்றியதுபோல் ஆகிவிடக்கூடாது. சைவம், அசைவம் என்று தனித் தலைப்பே கொடுத்துவிடலாம்.

பிரிவுகளில் எனக்குப் பெரிய குறை ஒன்றுதான். குளிரில் நடுங்கிக்கொண்டு உள்ளே வருகிறவர் முதலில் தேடும் சூப் கடைசிப் பக்கத்தில், ஜூஸுக்கும் மில்க்‌ஷேக்குக்கும் கீழே கிடக்கிறது. சூப், சுக்கு காபி, ஹாட் சாக்லேட் மூன்றும் ‘சூடாக’ என்ற தலைப்பில் முதல் பக்கம் மேலே வர வேண்டும். மலைப்பூண்டு உணவுகள் சைனீஸ், தந்தூரி, கிரேவி என்று சிதறிக் கிடக்கின்றன. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு அது. வெண்ணெய்ப்பழ சாலட்டையும் சேர்த்து ‘நம்ம மலையில் விளைந்தது’ என்று ஒரு கட்டம் போடுங்கள். மற்றப் பிரிவுகள் இருக்கிறபடியே இருக்கட்டும்.

திருத்தியபின் இரண்டே நகல் எடுக்கச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை இரவு அதே மேசையில் உங்கள் அப்பாவிடம் ஒன்றைக் கொடுத்துப் படிக்கச் சொல்வோம். அவர் தடுமாறாமல் படித்தால் மொத்தத்தையும் அச்சுக்குக் கொடுக்கலாம்.