நம்ம கணக்கு சார்: சிறப்பு விருந்தினர் அறிமுக உரை

மேடையில் இருக்கும் தலைமை ஆசிரியை அம்மா அவர்களுக்கும், நமக்குப் பாடம் எடுத்த ஆசிரியப் பெருமக்களுக்கும், 1992-93 பத்தாம் வகுப்புத் தோழர்களுக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் எல்லாருக்கும் வணக்கம்.

சிறப்பு விருந்தினரை அறிமுகம் செய்யும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். சாரின் பெயரும் படிப்பும் அழைப்பிதழில் இருக்கின்றன. ஆனால் இத்தனை வருஷத்தில் நம்மில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி அவரைப் பற்றிப் பேசியதில்லை. நமக்குக் கணக்கு சார் என்றால் அவர் ஒருவர்தான். இன்றைக்கும் அப்படியே சொல்கிறேன். சார் அனுமதிக்க வேண்டும்.

சார் திருவில்லிபுத்தூர்ப் பக்கம் பிறந்தவர். கணிதத்தில் பட்டம், அப்புறம் பி.எட். 1984-ல் மாறுதலாகி நம் பள்ளிக்கு வந்தார். இரண்டு தடவை பதவி உயர்வு வந்தும் வேறு ஊருக்குப் போக மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, 2008-ல் இங்கிருந்தே ஓய்வு பெற்றார். கோவில்பட்டியிலிருந்து தினமும் பச்சை ராலி சைக்கிளில் வருவார். மழைக்காலத்தில் கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டால், சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடையைத் தாண்டி வந்து முதல் மணிக்கு நிற்பார். இதெல்லாம் உங்களுக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

1991 ஜனவரி. நான் எட்டாம் வகுப்பு. அப்பாவுக்குக் கால் எலும்பு முறிந்து படுத்த படுக்கையாக இருந்தார். பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்தும் நான் வரவில்லை. அம்மாவோடும் தங்கச்சியோடும் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டினேன். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து ஆலை வண்டியில் ஏற வேண்டும் என்று பேச்சாகிவிட்டது. தீப்பெட்டித் தொழிலில் பதினாலு வயது ஆகாத பிள்ளைகளை வைக்கக் கூடாது என்று 1986-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் விடியக்காலை இருட்டில் அந்த வண்டி எங்கள் தெருமுனைக்கு வந்து ஹாரன் அடிக்கும். என் வயதுப் பிள்ளைகள் தூக்குவாளியோடு ஏறுவார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் சார் வந்தார். வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே வந்தவர் அப்பாவிடம் நலம் விசாரித்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா எழுந்து நாற்காலி தேடினாள். நாற்காலி ஏது? சார் எங்களோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பசைக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, நீலத்தாளை எடுத்து, மரச்சீவலை மடித்து ஒட்ட ஆரம்பித்தார். விரலெல்லாம் பசை. அம்மா, "ஐயோ, நீங்க போய் இதைச் செய்யலாமா சார்?" என்றாள். அதற்கு சார் சொன்னது இது: "ஒரு குரோஸுன்னா நூத்தி நாப்பத்தி நாலு பெட்டி. உங்க பையன் ஒரு நாளைக்கு எத்தனை குரோஸ் ஒட்டுறான்னு சொல்லுங்கம்மா. அவனைப் பள்ளிக்கூடம் அனுப்புங்க. அவன் கணக்கை நான் சாயங்காலம் வந்து ஒட்டிக் குடுத்துடுறேன்."

பேச்சுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தோம். வெள்ளிக்கிழமை வந்தார். சனிக்கிழமை பள்ளி இல்லை, அன்றைக்கும் வந்தார். அரிக்கேன் விளக்கு ஏற்றுகிற வரைக்கும் இருந்து ஒட்டினார். சார், இது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் ஒட்டிய பெட்டிகள் காய்ந்ததும் வாய் பிளந்துகொள்ளும். ஏஜெண்டு கழித்துவிடுவார் என்று, நீங்கள் போன பிறகு அம்மா அத்தனையையும் பிரித்து மறுபடி ஒட்டுவாள். ஐந்தாம் நாள் காலையில் என்னைக் குளிக்க வைத்து, "சாரை இனிமே வர வேண்டாம்னு சொல்லு. நீ ஒழுங்காப் போ" என்று அனுப்பினாள். அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. கடைசி வரைக்கும், யார் வீட்டுக்கு வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் காபி கொடுத்ததில்லை.

நம் வகுப்பில் 46 பேர். என்னைப் போல எத்தனை வீட்டுக்கு அந்தச் சைக்கிள் போனது என்று போன மாதம் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். பதினொரு பேர் கையைத் தூக்கினார்கள். ஒருத்தருக்கொருத்தர் இவ்வளவு நாளும் சொல்லிக்கொண்டதில்லை.

சார் நோட்டுத் திருத்தும் விதம் உங்களுக்கு நினைவிருக்கும். தப்பான கணக்கின் மேல் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட மாட்டார். எந்த வரியில் சறுக்கினோமோ, அதற்கு முந்தின வரியில் பென்சிலால் சின்னதாக ஒரு கோடு. பக்கத்தில், "இது வரை சரி." அவ்வளவுதான். அதற்குக் கீழே நாமே திரும்பப் போட வேண்டும். மதுரையில் நர்ஸாக இருக்கும் நம் வகுப்புத் தோழி அந்த நோட்டை இன்றைக்குக் கொண்டு வந்திருக்கிறாள். காரணிப்படுத்துதல் பாடம், ஒரே கணக்கில் மூன்று இடத்தில் "இது வரை சரி." நான்காவது தடவை விடை வந்திருக்கிறது.

சார் அடித்ததும் உண்டு. ஒரே ஒரு தடவை. பத்தாம் வகுப்பில் பின் பெஞ்சில் தூங்கிய ஒருவனைப் பிரம்பால் அடித்தார். அவன் ராத்திரி முழுக்கச் செங்கல் சூளையில் வேலை பார்த்துவிட்டு வந்தவன் என்று அன்றைக்குச் சாயங்காலம்தான் சாருக்குத் தெரிந்தது. மறுநாள் வகுப்பில் அவனை எழுப்பி நிற்க வைக்காமல், தானே அவன் பெஞ்சுக்குப் போய், எங்கள் எல்லார் முன்னாலும், "நேத்து நான் செஞ்சது தப்புப்பா" என்றார். ஒரு வாத்தியார் பையனிடம் அப்படிச் சொல்லி நாங்கள் அதுவரை கேட்டதே இல்லை. அதற்கப்புறம் அவர் கையில் பிரம்பைப் பார்க்கவில்லை.

உண்மையில், பாஸான எங்களைவிடப் பெயிலானவர்களுக்குத்தான் சாரை அதிகம் தெரியும். மாலைப் பேப்பரில் ரிசல்ட் வந்த அன்று நம்பர் இல்லாதவர்கள் எட்டுப் பேர். மறுநாள் காலையிலேயே சார் அவர்கள் வீடுகளுக்குப் போய்விட்டார். அக்டோபர் பரீட்சை வரைக்கும், பள்ளி விட்ட பிறகு வேப்பமரத்தடியில் வகுப்பு. 35 வாங்க எதெதைப் படிக்க வேண்டும் என்று ஆரம்பித்து, கடைசியில் முழுப் பாடத்தையும் நடத்தி முடித்துவிட்டார். எட்டுப் பேரில் ஏழு பேர் பாஸ். எட்டாவது ஆள் மறு வருஷம். அந்த எட்டாவது ஆள்தான் இந்த விழாவுக்குப் பந்தல் போட்டுக் கொடுத்தவர். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

சார், உங்களை அழைக்க நாங்கள் மூன்று பேர் வீட்டுக்கு வந்தபோது, "நானெல்லாம் சிறப்பு விருந்தினரா? கலெக்டர் யாரையாவது கூப்பிடுங்கப்பா" என்றீர்கள். கலெக்டர் வந்தால் எங்களுக்குப் பெருமை. ஆனால் கையில் பசையோடு எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்தவர் நீங்கள்தான். அதனால்தான் இந்த நாற்காலி உங்களுக்கு.

நண்பர்களே, சார் பேசி முடித்ததும் ஒவ்வொருவராக மேடைக்கு வந்து பார்க்கலாம். சாருக்கு இப்போது இடது காது சரியாகக் கேட்பதில்லை. வலது பக்கம் நின்று பேசுங்கள். முகம் மாறிவிட்டது, நினைவிருக்குமோ என்று தயங்க வேண்டாம். வருகைப் பதிவேட்டு நம்பரைச் சொல்லுங்கள். அழைக்கப் போன அன்று நான் அப்படித்தான் சொன்னேன். சொன்னதும் என் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கேட்டார்.

சார், நான் 27. பேச வாங்க சார்.