காட்சி 42: கலங்கரை விளக்கம், மேல்மாடம் / வெளி / மாலை

(கிரீன் மேட் குறிப்புகளுடன், இரண்டாம் திருத்தம்)

கம்பியைப் பிடித்துக்கொண்டு மலர் கீழே பார்க்கிறாள். நூறு அடிக்குக் கீழே, கோபுரத்திலிருந்து நூறு அடி தள்ளி, கதிரின் படகு. என்ஜின் நின்றுவிட்டது. நீரோட்டம் படகை வெளியே இழுக்கிறது.

42-ஏ. மலர், பக்கவாட்டு மிட் ஷாட், 50 எம்எம்.
மலர் ஃபிரேமின் வலது மூன்றில் ஒரு பங்கில், இடப்பக்கம் கடலுக்கு. மேட் அவளுக்குப் பின்னால் 12 அடி. இதற்குக் குறைந்தால் பச்சை கன்னத்தில் ஏறும். தரையிலும் பச்சை வேண்டாம், கறுப்புத் துணி விரியுங்கள்: அவள் குனிந்தே பார்ப்பதால் தரையின் பச்சை நேராகத் தாடைக்கு அடிக்கும்.
லென்ஸ் அவள் நெஞ்சு உயரத்தில், டில்ட் பூஜ்யம். அடிவானம் லென்ஸ் உயரத்தில்தான் விழும். கண் உயரத்துக்கு ஏற்றினால் கோடு தலைக்குள் புகுந்து போகும்.

மலர்
கதிரு! துடுப்பை எடுடா!

ஐலைன்: மேடை 6 அடி, மலரின் கண் 5 அடி, ஆக 11. டென்னிஸ் பந்து தரையில், கம்பியிலிருந்து 11 அடி தள்ளி. 45 டிகிரி சரியாக வரும். படகு விலக விலக உதவியாளர் பந்தைக் குச்சியில் மாட்டி 19 அடி வரை நகர்த்தவும், மெதுவாக, பத்து எண்ணி. கேமரா பக்கத்தில் நிற்பவர்கள் கை காட்டி உதவ வேண்டாம், மலரின் கண் அங்கே ஓடிவிடும்.

42-பி. கதிர், படகில், தாழ்கோணம். பின்னால் வானம் மட்டும்.

கதிர்
துடுப்பு இல்லக்கா! கரையிலயே விட்டுட்டேன்!

மலர் இடது கீழே பார்த்தாள்; கதிர் வலது மேலே பார்க்க வேண்டும். மாறினால் இருவரும் வேறு வேறு ஆளிடம் பேசுவதுபோல் ஆகிவிடும். பந்து 10 அடி தள்ளி, கண்ணுக்கு மேல் 10 அடி. ஷாட் முடிவில் 6 அடிக்கு இறக்கவும்.

மலர் பதில் சொல்லவில்லை. கயிற்றைத் தேடி உள்ளே ஓடுகிறாள்.

பிளேட்டுகள் (ஸ்டுடியோவுக்கு முன்பே எடுக்க வேண்டியவை, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் மலருக்கு லைட் வைக்க முடியாது)
பி-1: மாடத்திலிருந்து கடல். அதே 50, அதே உயரம், டில்ட் பூஜ்யம். ஆள் இல்லாமல் இரண்டு நிமிடம். ஃபோகஸ் மலர் நிற்கப்போகும் தூரத்தில் ஒருமுறை, கடலில் ஒருமுறை.
பி-2: மலரின் தோளுக்கு மேலிருந்து கீழே, படகு விலகுவது. கதிரின் சட்டையோடு டூப்.
பி-3: வானம், கதிரின் கோணத்தில். சூரியன் ஃபிரேமுக்கு வெளியே இடப்பக்கம்.
ஒவ்வொன்றுக்கும் கிளாப் அடித்து லென்ஸ், உயரம், டில்ட், நேரம் எழுதுங்கள். காற்று எந்தப் பக்கம் என்றும் எழுதுங்கள். மலரின் முடிக்கு ஃபேனை அந்தப் பக்கம்தான் திருப்ப வேண்டும்.