பொருள்: காற்றுத் தரவுக் கோப்பின் அமைப்பை மாற்றுவதற்கு முன் அறிவிக்க வேண்டுகோள்

20 ஜனவரி 2025

பெறுநர்:
பொதுத் தரவுப் பிரிவுப் பொறுப்பாளர்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். தண்டையார்பேட்டையில் இயங்கும் சிறு சுகாதார மையம் ஒன்றில் தரவு அலுவலராகப் பணியாற்றுகிறேன். தாங்கள் மணிக்கொரு முறை வெளியிடும் காற்றுத் தரக் கோப்பை மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். முந்தைய நாளின் பி.எம். 2.5 சராசரியைக் கணக்கிட்டு, காலை 6:30 மணிக்கு மையத்தின் வாசலிலுள்ள கரும்பலகையில் எழுதுகிறோம். பக்கத்திலுள்ள மூன்று பள்ளிகளுக்கும் அதை அனுப்புகிறோம். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளை அன்று மைதானத்தில் ஓடவிடலாமா என்று உடற்பயிற்சி ஆசிரியர்கள் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகும் பெண்கள் சிலரும் நின்று படித்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். இந்தத் தரவை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருப்பதற்கு முதலில் என் நன்றி.

இம்மாதம் 8ஆம் தேதி முதல் கோப்பின் அமைப்பு மாறியிருக்கிறது. அறிவிப்பு எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. மாற்றத்துக்கு முன் ஒரு வரி இப்படி இருந்தது:

```
station,datetime,pm25,pm10
NCH03,07-01-2025 05:00,,142
```

இப்போது இப்படி வருகிறது:

```
station,datetime,pm25,pm10
NCH03,2025-01-12T05:00:00Z,0,142
```

நெடுவரிசைகளின் பெயரும் வரிசையும் அப்படியே இருந்ததால் எங்கள் நிரல் எங்கும் நிற்கவில்லை. நின்றிருந்தால் அன்றே கண்டுபிடித்திருப்போம். அளவீடு இல்லாத மணிகளில் முன்பு வெற்றிடம் இருந்தது, இப்போது 0 இருக்கிறது. 12ஆம் தேதி 16 மணி நேரத்துக்கு மட்டுமே அளவீடு வந்தது. அவற்றின் சராசரி கனமீட்டருக்கு 81 மைக்ரோகிராம். மீதி எட்டு மணி நேரத்தையும் பூஜ்ஜியமாகச் சேர்த்து 24ஆல் வகுத்தபோது அது 54 ஆனது. நம் நாட்டின் 24 மணி நேர வரம்பு 60. வரம்பைத் தாண்டிய ஒரு நாளை ‘திருப்திகரம்’ என்று நாங்கள் அறிவித்துவிட்டோம்.

மறுநாள் போகி. காலையில் பலகையில் எழுதச் சுண்ணக்கட்டியோடு நின்ற செவிலியர் என்னிடம் வந்து, “கண் எரிகிறது சார், இதைத்தான் எழுத வேண்டுமா?” என்று கேட்டார். அதன் பிறகுதான் கோப்பைத் திறந்து வரி வரியாகப் பார்த்தேன். விடியற்காலை 5 மணிக்கு ஏறியிருக்க வேண்டிய போகிப் புகை, எங்கள் வரைபடத்தில் காலை 10:30க்கு ஏறியிருந்தது. நேரத்தின் கடைசியில் உள்ள Z, அது உலகப் பொது நேரம் என்பதைக் குறிக்கும். அதனால் நிரல் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டது. ஆனால் கோப்பிலுள்ள நேரம் இந்திய நேரமாகவே தோன்றுகிறது. வட சென்னையில் காலை பத்தரை மணிக்கு யாரும் போகி கொளுத்துவதில்லை. அந்த Z தவறுதலாகச் சேர்ந்ததா என்பதைத் தாங்கள் உறுதிப்படுத்த வேண்டும்.

மூன்று பள்ளிகளுக்கும் அன்றே திருத்தம் அனுப்பிவிட்டோம். ஆனாலும் அந்த ஐந்து நாட்களில் எங்கள் சொல்லை நம்பி விளையாடிய பிள்ளைகளை என்னால் மறக்க முடியவில்லை.

அமைப்பை மாற்றவே கூடாது என்று நான் கேட்கவில்லை. புதிய தேதி வடிவம் உண்மையில் பழையதைவிட நல்லது. நாளா மாதமா என்ற குழப்பம் அதில் இல்லை. மாற்றுவதற்கு 30 நாட்களுக்கு முன் ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அதோடு புதிய அமைப்பில் ஒரு மாதிரிக் கோப்பையும் இணைத்தால் போதும். நாங்கள் நிரலைத் திருத்தி, சோதித்துத் தயாராக இருப்போம். முடிந்தால் பழைய கோப்பையும் புதியதையும் இரண்டு வாரமாவது சேர்த்தே வெளியிடுங்கள். எங்களைப் போன்ற சிறு மையங்களில் இந்த வேலைக்கு ஒரே ஆள்தான். அவர் விடுப்பில் இருக்கும் வாரத்தில் மாற்றம் வந்தால் பார்க்க வேறு யாரும் இல்லை.

நெடுவரிசையின் பெயர் மாறுவதைப் போலவே அலகு, நேர மண்டலம், வெற்றிடத்தைக் குறிக்கும் முறை ஆகியவை மாறுவதையும் அமைப்பு மாற்றமாகக் கருத வேண்டுகிறேன். எங்களைத் தடுமாற வைத்தவை இவைதான். அவசரமாகத் திருத்த நேர்ந்தால் முன்னறிவிப்பு சாத்தியமில்லை என்பது புரிகிறது. அப்போது அன்றைக்கே ஒரு வரி எழுதினால் போதும்.

உடனடியாகத் தேவைப்படுபவை இரண்டு: Z பற்றிய விளக்கம், 8ஆம் தேதி முதலான கோப்புகளில் எந்தப் பூஜ்ஜியங்கள் உண்மையில் வெற்றிடங்கள் என்ற விவரம். இவை கிடைக்கும்வரை பூஜ்ஜியங்கள் அனைத்தையும் விலக்கிவிட்டே கணக்கிடுகிறோம். அளவீடு 16 மணி நேரத்துக்குக் குறையும் நாளில் பலகையில் ‘போதிய தரவு இல்லை’ என்று எழுதுகிறோம்.

முன்னறிவிப்புப் பட்டியல் ஒன்றைத் தொடங்கினால் இந்த மின்னஞ்சல் முகவரியை அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிய அமைப்பை வெளியிடுமுன் யாராவது சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் அந்த வேலையை மகிழ்ச்சியோடு செய்து தருகிறேன்.

இப்படிக்கு,
தரவு அலுவலர்
தண்டையார்பேட்டை, சென்னை 600081