பொருள்: கல்வெட்டியல் தாள் – நான் வராத ஆறு வகுப்புகளின் ஸ்லைடுகளும் பதிவுகளும் வேண்டி

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நான் முதுகலை வரலாறு இரண்டாமாண்டு செல்வராணி. வகுப்பில் ஜன்னலோரம் இரண்டாவது பெஞ்சில், மலர்விழிக்குப் பக்கத்தில் உட்காருவேன். டெங்குக் காய்ச்சலால் அக்டோபர் 18 முதல் 30 வரை நடந்த உங்கள் கல்வெட்டியல் வகுப்புகள் ஆறுக்கும் என்னால் வர முடியவில்லை. அந்த ஆறு வகுப்புகளின் ஸ்லைடுகளையும் பதிவுகளையும் தந்து உதவ வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். தேர்வு நவம்பர் 14. இன்றைக்குத் தேதி 4 ஆகிவிட்டது. நேற்றுதான் உட்கார்ந்து எழுதும் அளவுக்குத் தெம்பு வந்தது, அதனால்தான் இவ்வளவு தாமதம்.

18ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலையில் கல்லூரிக்குக் கிளம்பி பஸ் நிறுத்தம் வரை வந்துவிட்டேன். அங்கேயே குளிர் எடுத்து, கண்ணுக்குப் பின்னால் குத்துவதுபோல் வலித்ததும் திரும்பிவிட்டேன். திங்கட்கிழமை ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று வந்தது. மறுநாள் காய்ச்சல் விட்டது. அம்மா நிம்மதியாக ரசம் சாதம் பிசைந்து கொடுத்தார். ஆனால் காய்ச்சல் விட்ட பிறகுதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னது சரியாகப் போனது. அன்று சாயங்காலமே வயிற்றுவலியும் வாந்தியும் வந்து, தட்டணு 34,000க்கு இறங்கி, மருத்துவமனையில் சேர்த்தார்கள். 28ஆம் தேதிதான் வீட்டுக்கு வந்தேன். இன்னும் ஒரு வாரம் பயணம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டையும் மருத்துவச் சான்றிதழையும் துறைத்தலைவருக்கு அனுப்பிவிட்டேன், உங்களுக்கும் இதோடு இணைத்திருக்கிறேன். வருகைப்பதிவு பற்றி உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன். அது அவர் வழியாக நடக்கும்.

நீங்கள் வகுப்புக் குழுவில் போடும் டிரைவ் இணைப்புகளை மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு திறந்து பார்த்தேன். முதல் மூன்று வகுப்புகளுக்கு அனுமதி இல்லை என்று வந்தது. மற்ற மூன்றையும் தரவிறக்கம் செய்வதற்குள் இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை. இப்போது அவையும் மூடிவிட்டன. பதிவு சில நாள்தான் திறந்திருக்கும், வகுப்புக்கு வருவதற்கு அது மாற்று இல்லை என்று ஜூலையிலேயே சொல்லியிருந்தீர்கள். அது சரியான ஏற்பாடு என்றுதான் நானும் நினைக்கிறேன். இதுவரை ஒரு வகுப்பைக்கூடப் பதிவை நம்பி நான் விட்டதில்லை. இந்த ஒரு முறை மட்டும் எனக்காகத் திறந்துவிட முடியுமா ஐயா? எனக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். வேறு யாருக்கும் அனுப்ப மாட்டேன், தேர்வு முடிந்ததும் அழித்துவிடுகிறேன்.

மலர்விழி தன் நோட்டை முழுக்கப் படமெடுத்து அனுப்பினாள். அவள் எழுத்து முத்துமுத்தாக இருக்கும். உத்திரமேரூர் வகுப்பு அதிலிருந்தே எனக்குப் புரிந்துவிட்டது. பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள், முப்பது குடும்பு, கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது, குடத்தில் ஓலை போட்டு எடுப்பது எல்லாம் தெளிவாக எழுதியிருக்கிறாள். அந்த வகுப்பின் பதிவு கிடைக்காவிட்டாலும் சமாளித்துக்கொள்வேன்.

எனக்குச் சிக்கல் தமிழிப் பாடத்தில்தான். 18, 21 இரண்டு நாளும் அதுதான் நடந்திருக்கிறது. நோட்டில் ஓர் இடத்தில் மூன்று எழுத்து வரைந்திருக்கிறாள்: ம மேல் ஒரு கோடு, க மேல் ஒரு கோடு, ன சும்மா. அசோகன் பிராமி முறையில் படித்தால் அது ‘மாகான’. மாங்குளம் கல்வெட்டுகளின் முறையில் படித்தால் ‘மகன்’. கோடு இல்லாத எழுத்து மெய், கோடு இருந்தால் அகரமாகவும் இருக்கலாம் ஆகாரமாகவும் இருக்கலாம் என்ற விதி வரைக்கும் எனக்குப் பிடிபட்டது. இரண்டாவது முறையில் கோடு ஆகாரத்துக்கு மட்டும்தான், வெறும் எழுத்தை மெய்யாகவும் அகரம் ஏறியதாகவும் இடம் பார்த்துப் படிக்க வேண்டும். மூன்றாவதில் புள்ளி வந்து மெய்யைத் தனியே காட்டிவிடுகிறது. விதியாகச் சொல்லச் சொன்னால் இதை எழுதிவிடுவேன். ஆனால் ஒரு குகைத்தளத்துப் படத்தைக் கொடுத்து இது எந்த முறை என்று கேட்டால் எதைப் பார்த்து முடிவு செய்வது?

நான் யோசித்தது இது. கோட்டை எல்லாம் ஆகாரமாகவும் வெறும் எழுத்தை எல்லாம் அகரமாகவும் வைத்து ஒருமுறை படித்துப் பார்ப்பது. தமிழ்ச்சொல்லே அமையாமல் நெடில் நெடிலாக வந்தால் அது முதல் முறை என்று கொள்வது. இது சரிதானா, அல்லது சின்னக் கல்வெட்டில் இந்த வழி ஏமாற்றிவிடுமா என்று தெரியவில்லை. படத்தின் மேல் சுட்டியை நகர்த்தி ஒவ்வொரு எழுத்தாக நீங்கள் படித்துக் காட்டினீர்களாம். ஒரு கோடு பாறை வெடிப்பா, உளி போட்டதா என்று இருபது நிமிடம் பேசினீர்கள் என்றும் மலர்விழி சொன்னாள். நோட்டில் அந்த இடத்தில் கோடு மட்டும்தான் இருக்கிறது, வெடிப்பு இல்லை. அவள் பேரில் குறை இல்லை. கையால் பார்த்து எழுதும்போது யாருக்கும் வெடிப்பு வராது. அதற்குத்தான் ஐயா உங்கள் ஸ்லைடில் இருக்கும் புகைப்படமும் மைப்படியும் எனக்கு வேண்டும்.

இன்னொன்று, எங்கள் ஊர் மேலூர்ப் பக்கம். வீட்டு மாடியில் நின்றால் மாங்குளம் மலை தெரியும். எட்டாம் வகுப்பில் அப்பாவோடு ஏறியிருக்கிறேன். புருவம்போல் வெட்டிய பாறைக்குக் கீழே எழுத்து இருந்தது நினைவிருக்கிறது. என்ன எழுத்து என்று அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. 1882இல் ராபர்ட் சீவெல் அதைக் கண்டதும், 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் அது தமிழ்தான் என்று காட்டியதும் உங்கள் முதல் வகுப்பில்தான் எனக்குத் தெரிந்தது. நெடுஞ்செழியன் பெயர் அங்கே இருக்கிறது என்று நீங்கள் சொன்ன அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அந்தக் கல்வெட்டை நீங்கள் வரி வரியாகப் படித்த நாளில் நான் காய்ச்சலோடு படுக்கையில் இருந்தேன். பிறகு மருத்துவமனையில் இடதுகையில் ட்ரிப்ஸ் ஊசி இருந்தபோது, வலதுகை சும்மாதானே இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனைச் சீட்டின் பின்பக்கம் ழ, ள, ற, ன நான்கையும் தமிழியில் எழுதிப் பார்த்தேன். ற மட்டும் இன்னும் சரியாக வரவில்லை.

28ஆம் தேதி வகுப்பில் ஆட்சியாண்டுக் கணக்கு போட்டிருக்கிறீர்கள். அதிலும் ஒரு சந்தேகம். தஞ்சைப் பெரிய கோயிலில் விமானத்து உச்சிக்கு ராஜராஜன் செப்புக்குடம் கொடுத்தது 25ஆம் ஆண்டு, 275ஆம் நாள். நோட்டில் 985 + 25 = 1010 என்று மட்டும் இருக்கிறது. நான் வேறு விதமாகப் போட்டேன். அவன் அரசேறியது 985 ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ என்றால், 25ஆம் ஆண்டு தொடங்குவது 1009 நடுவில். அதிலிருந்து 275 நாள் என்றால் ஒன்பது மாதம், 1010 ஏப்ரல் வாக்கில் வருகிறது. விடை ஒன்றுதான். ஆனால் நாள் 275க்குப் பதில் 50 என்று இருந்திருந்தால் என் கணக்குப்படி 1009 வரும், நோட்டுக் கணக்குப்படி 1010 வரும். தேர்வில் எந்த வழியில் எழுத வேண்டும் என்று ஒரு வரி சொன்னால் போதும்.

23ஆம் தேதி ஜம்பை, புகளூர். ஜம்பைக் கல்வெட்டு ஒரே வரிதான் என்பதால் அதன் படம் கிடைத்தால் நானே படித்துப் பழகிக்கொள்வேன். அசோகன் கல்வெட்டில் வரும் சதியபுத்திரர் யார் என்ற கேள்விக்கு அதியமான் நெடுமான் அஞ்சி பெயரோடு விடை கிடைத்ததே அந்த வரியில்தான் என்பதால், அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தேர்வுக்குப் போக ஆசை. 25ஆம் தேதி வட்டெழுத்தும் செங்கம் நடுகற்களும். வட்டெழுத்தில் பிற்பாடு ப, ய, வ மூன்றும் ஒன்றுபோல் ஆகிவிடுகின்றன என்று குறிப்பு இருக்கிறது. வரைந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு மூன்றும் ஒன்றாகவேதான் தெரிகின்றன. அதற்கும் ஸ்லைடு இருந்தால் பெரிய உதவி.

எல்லாவற்றையும் தேடி எடுப்பது சிரமம் என்றால் வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள் ஐயா: ஸ்லைடுகள் ஆறு நாளுக்கும், பதிவு 18, 21, 28 மூன்று நாளுக்கு மட்டும். வியாழக்கிழமை 7ஆம் தேதிக்குள் கிடைத்தால் ஒரு வாரம் கையில் இருக்கும். தலைவலி இன்னும் இருப்பதால் ஒரு மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரையைப் பார்க்க முடியவில்லை. அதனால்தான் தேர்வுக்கு முந்தின நாள் வரைக்கும் தள்ளிப்போடப் பயமாக இருக்கிறது.

எங்கள் ஊரில் நெட் மெதுவாகத்தான் வரும். வீடியோ பெரிய கோப்பாக இருந்தால், மலர்விழி நாளையோ மறுநாளோ பென்டிரைவோடு துறைக்கு வந்து வாங்கிக்கொள்வாள். எங்கள் ஊர் பஸ் டிரைவர் அண்ணனிடம் கொடுத்துவிட்டால் அன்றைக்கே எனக்கு வந்துவிடும். டிரைவில் அனுமதி கொடுப்பது உங்களுக்கு எளிது என்றால் கல்லூரி மின்னஞ்சல் முகவரிக்கே கொடுங்கள். இந்த மடலும் அதிலிருந்துதான் வருகிறது.

11ஆம் தேதி திங்கட்கிழமையிலிருந்து கல்லூரிக்கு வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அன்று மதியம் உங்களுக்கு நேரம் இருந்தால், பத்து நிமிடம், அந்த ‘மாகான’ சந்தேகத்தை மட்டும் நேரில் கேட்டுக்கொள்கிறேன். அதற்குள் பதிவுகளைப் பார்த்துவிட்டால் கேள்வியே இல்லாமலும் போகலாம்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன். நன்றி ஐயா.

இப்படிக்கு,
தங்கள் மாணவி
கு. செல்வராணி
முதுகலை வரலாறு, இரண்டாமாண்டு
வருகை எண் 23

இணைப்பு: மருத்துவச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சீட்டு