நேற்றைய குறிப்புகள் பார்த்தேன்

தங்கச்சி, பிள்ளை மடுவத்தில் நீ எழுதிய குறிப்பு எல்லாவற்றையும் இரவே வாசித்துவிட்டேன். ஒப்பீஸில் எல்லார் முன்னாலும் சொல்வதைவிட இப்படி எழுதினால் நல்லது என்று நினைத்தேன். முதலில் ஒன்று, நன்றாகச் செய்திருக்கிறாய். முகத்துக்காகச் சொல்லவில்லை. கொழுந்து நிறுத்துவிட்டுக் களைத்துப் போய் வந்த ஆட்கள் உன்னிடம் உட்கார்ந்து அவ்வளவு நேரம் பேசியிருக்கிறார்கள், எங்களிடம் "சரி சரி" என்று தலையாட்டிவிட்டுப் போகிற அந்தக் கீழ் லயத்து அம்மாகூட மகன் கொழும்பில் கடையில் நிற்கிற கதை வரை சொல்லியிருக்கிறார். அது பழகி வருகிற விஷயம் இல்லை, உனக்கு இருக்கிறது.

அவருடைய ஈ.பி.எப். பி கார்டில் மாரியம்மா, ஐடென்டியில் மாரியாயி என்று இருப்பதை நீ கண்டுபிடித்ததுதான் நேற்றைய பெரிய வேலை. அதைக் கவனிக்காமல் காசு கேட்கிற கே படிவத்தைக் கொடுத்திருந்தால் திரும்பி வந்திருக்கும், மனுஷி திரும்பவும் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி ஹட்டனுக்கு வரவேண்டும். சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டு போவோம், அதை நான் சொல்லித் தருகிறேன்.

இனி குறை. கோபிக்காதே.

"ரெண்டு மாசத்தில காசு கைக்கு வந்துரும்" என்று சொல்லியிருக்கிறாய், குறிப்பிலும் அப்படியே எழுதியிருக்கிறாய். அதை நாங்கள் சொல்லவே கூடாது. காசைக் கொடுப்பது நாங்கள் இல்லை. தோட்டத்து ஒப்பீஸ் கடிதம் தரவேண்டும், லேபர் ஒப்பீஸ் பார்க்கவேண்டும், பங்களிப்பு ஏதாவது மாதம் விடுபட்டிருந்தால் அதற்கு வேறு இழுவை. நீ நல்ல மனதில்தான் சொன்னாய், எனக்குத் தெரியும், ஆனால் அந்த அம்மா அதை நம்பி மகள் கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கினால்? அடுத்த முறை அங்கே போனால் உன்னைத்தான் பிடிப்பார்கள். "படிவம் கொடுக்கிற திகதியைச் சொல்லுவேன், அதுக்குப் பிறகு என்ன நடக்குதுன்னு கேட்டுச் சொல்லுவேன்" என்று மட்டும் சொல். இன்றைக்கே அவருக்கு ஒரு கோல் எடுத்து அதைத் திருத்திவிடு, நான் பேசினால் உன் மரியாதை குறையும்.

இரண்டாவது, ஐடென்டியும் பி கார்டும் அசலாக வாங்கி வந்திருக்கிறாய். நாளைக்கே திருப்பிக் கொடு. போனில் படம் எடுத்தால் போதும், அல்லது டவுனில் போட்டோகொப்பி. மழைக்குள் அந்தப் பையோடு பஸ்ஸில் வந்தாய் என்று கேட்டபோதே எனக்கு வயிறு கலங்கியது.

குறிப்பு கொஞ்சம் நீளம். கதை வேண்டாம் என்று சொல்லவில்லை, அது கீழே இருக்கட்டும், மேலே தேவையானது வரட்டும்: அங்கத்துவ இலக்கம், வேலைக்குச் சேர்ந்த வருஷம், நின்ற திகதி. உன் குறிப்பில் பாதிப் பேருக்கு நின்ற திகதி இல்லை. இதில் ஒன்று கவனி, 1992க்கு முன்னாலேயே பேர் பதிந்தவர்கள் என்றால், தோட்டம் கம்பனிக்குப் போனபோது இலக்கம் மாறியதா என்று தனியாகக் கேள். பழைய இலக்கம் ஒன்று, புதிய இலக்கம் ஒன்று என்று இருந்தால் இரண்டையும் எழுதாவிட்டால் பழைய காசு அப்படியே கிடக்கும்.

அப்புறம் ஈ.பி.எப்.பை மட்டும் கேட்டிருக்கிறாய். ஈ.டி.எப். வேறு, சேர்விஸ் காசு வேறு. ஐந்து வருஷம் வேலை செய்தவருக்கு வருஷத்துக்கு பதினான்கு நாள் சம்பளம் என்று சட்டம் இருக்கிறது, அதைத் தோட்டம் கொடுத்ததா என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. பெரும்பாலும் அவர்களே கேட்கமாட்டார்கள், எல்லாம் ஒரே காசு என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஈ.பி.எப். எடுக்கிற வயது பெண்களுக்கு ஐம்பது, ஆண்களுக்கு ஐம்பத்தைந்து என்பது நீ சரியாக எழுதியிருக்கிறாய், அது சந்தோஷம்.

இன்னொன்று, சின்னது. வட்டிக் கடன் விஷயத்தை எல்லார் முன்னாலும் கேட்டாயாம். அந்த மாதிரி கேள்விக்கு இஸ்தோப்பில் தனியாக உட்கார்.

இதெல்லாம் கேட்டுப் பயந்துவிடாதே, படிவம் யாருக்கும் சொல்லிக் கொடுக்கலாம், ஆட்களைப் பேச வைப்பது சொல்லிக் கொடுக்க முடியாது. குறிப்பைத் திருத்தி வியாழக்கிழமைக்குள் அனுப்பு, வெள்ளி காலை லேபர் ஒப்பீஸுக்கு என்னோடு வா, கியூ நீளம், சாப்பாடு கட்டிக்கொண்டு வா.