வளாக வாழ்வும் பாதுகாப்பும்: மாணவர் கணக்கெடுப்புக்கான திட்டம்

குற்றவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு, களஆய்வுக் குழு

எங்கள் வளாகம் நகரத்துக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. கடைசி வகுப்பு முடிந்து பஸ் ஏறுவதற்குள் இருட்டிவிடும். மாணவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள், அந்தப் பயத்தால் எதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதை அளவிடுவதே நோக்கம். நூலகத்துக்கு மாலையில் போகாமல் இருப்பதும், தூரம் என்று ஒரு பயிற்சி வாய்ப்பைக் கைவிடுவதும் இழப்புதான். ஆனால் இவை எந்தக் காவல்நிலையப் பதிவேட்டிலும் ஏறாது.

யாரைக் கேட்பது

பதிவேட்டின்படி மாணவர்கள் 4,200 பேர். 95 சதவீத நம்பகத்துக்கும் 5 சதவீதப் பிழைக்கும் 352 பேர் போதும். நான்கில் ஒருவர் பதில் தரமாட்டார் என்று கணக்கிட்டு 470 பேரைத் தேர்வு செய்ய வேண்டும்.

வாட்ஸ்அப் குழுக்களில் கூகுள் ஃபார்ம் அனுப்பினால் ஒரே நாளில் ஆயிரம் பதில் வரும். அதை வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். இந்த விஷயத்தில் ஏற்கெனவே அக்கறையோ கசப்பான அனுபவமோ உள்ளவர்களே முந்தி நிரப்புவார்கள். ஆயிரம் பேர் சொன்னாலும் அது 4,200 பேரின் குரல் ஆகாது.

ஆகவே அடுக்கு மாதிரி. பாலினமும் தங்குமிடமும்தான் அனுபவத்தை அதிகம் மாற்றும் என்பதால் நான்கு அடுக்குகள்: விடுதிப் பெண்கள் 900, தினமும் வந்துபோகும் பெண்கள் 1,700, விடுதி ஆண்கள் 500, வந்துபோகும் ஆண்கள் 1,100. விகிதப்படி முறையே 101, 190, 56, 123 பேர். விடுதி ஆண்கள் 56 பேரை வைத்துத் தனியாக எதுவும் சொல்ல முடியாது. அதை 80 ஆக உயர்த்துகிறோம். மொத்தம் 494. பகுப்பாய்வில் எடை கொடுத்து இந்தக் கூடுதலைச் சரிசெய்வோம். ஒவ்வோர் அடுக்கிலும் பட்டியலைத் துறைவாரியாக அடுக்கி, குலுக்கல் எண்ணில் தொடங்கிச் சம இடைவெளியில் பெயர் எடுப்போம். வராதவருக்குப் பதில் பக்கத்துப் பெயரை எடுக்கக் கூடாது; மூன்று முறை தேடிப் போவோம்.

எப்படிக் கேட்பது

பல நாடுகளின் ஆய்வுகளில் பழகிப்போன கேள்வி இது: “இருட்டிய பிறகு உங்கள் பகுதியில் தனியாக நடக்கும்போது எவ்வளவு பாதுகாப்பாக உணர்கிறீர்கள்?” இதில் குற்றம் என்ற சொல்லே இல்லை. முன்னோட்டமாக இருபது பேரிடம் கேட்டபோது பலர் நாயையும் பாம்பையும் சொன்னார்கள். ஆறரைக்குக் கேட் பூட்டும் விடுதியில் இருக்கும் ஒரு மாணவி, “நான் இருட்டில வெளிய போனதே இல்லையே, என்ன சொல்றது?” என்றார். அவரிடம் கற்பனைப் பதிலை வாங்கி மதிப்பெண் போடுவது நியாயமில்லை.

இன்னொரு சிக்கல் ‘பயம்’ என்ற சொல். ஆண்கள் பலர் “பயமெல்லாம் இல்லை” என்று உடனே முடித்துவிட்டு, பணமும் போனும் பறிபோகுமோ என்ற கவலையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார்கள். எனவே நடந்ததைக் கேட்கிறோம், குற்றத்தைப் பெயர் சொல்லிக் கேட்கிறோம்:

1. கடந்த 3 மாதங்களில், பஸ்ஸில் யாராவது தகாத முறையில் தொட்டுவிடுவார்களோ என்று கவலைப்பட்டது உண்டா? (உண்டு / இல்லை / பஸ்ஸில் போவதில்லை)
2. உண்டு என்றால், எத்தனை முறை?
3. கடைசியாக அப்படிக் கவலைப்பட்டபோது, அந்தக் கவலை எவ்வளவு? (லேசாக / ஓரளவு / அதிகமாக / மிக அதிகமாக)
4. அடுத்த 3 மாதங்களில் இது உங்களுக்கு நடக்க எவ்வளவு வாய்ப்பு இருப்பதாக நினைக்கிறீர்கள்?
5. இந்தக் கவலையால் கடந்த 3 மாதங்களில் போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் இருந்தீர்களா? எங்கே?

நான்காவது கேள்வியைத் தனியே வைத்தது வேண்டுமென்றேதான். நடக்கலாம் என்று கணிப்பது வேறு, மனம் பதறுவது வேறு. போன் பறிப்பு, பின்தொடர்தல், படத்தை இணையத்தில் தவறாகப் பயன்படுத்துதல் ஆகியவற்றுக்கும் இதே ஐந்தும் வரும். “பஸ்ஸிலோ பஸ் ஸ்டாண்டிலோ” என்று இரண்டை ஒரே கேள்வியில் சேர்க்கவில்லை. “அதிகரித்துவரும் குற்றங்கள்” போன்ற சொற்களையும் நீக்கிவிட்டோம்; அவை பதிலை ஊட்டிவிடும். தாளின் தலைப்பில்கூடக் குற்றம் என்ற சொல் இல்லை.

சொந்தமாகப் பாதிக்கப்பட்டதுண்டா என்ற கேள்வி கடைசியில்தான். முதலில் கேட்டால் பழைய நினைவு கிளம்பி, மற்றப் பதில்களின்மேல் படியும். அதற்குப் பதில் சொல்லாமல் தாண்டிப்போகலாம் என்று அங்கேயே அச்சிடுவோம். பெண்களிடம் பெண் ஆய்வாளர்களே தாளைத் தருவார்கள். பதிலை அவரவரே நிரப்பி, உறையில் ஒட்டி, பெட்டியில் போடலாம். பெயரும் பதிவெண்ணும் தாளில் இருக்காது. ஆசிரியர்கள் அறையில் இருக்கக் கூடாது.

கடைசிப் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொள்ளலாம். அதில் பெண்கள் உதவி எண் 181, இணையக் குற்றங்களுக்கு 1930, அவசரத்துக்கு 112, வளாக உள்ளகப் புகார்க் குழுவின் அறை இருக்குமிடம் ஆகியவை இருக்கும். எல்லார் தாளிலும் அந்தப் பக்கம் இருப்பதால், யார் கிழித்தார்கள் என்று பார்த்து யாரையும் அடையாளம் காண முடியாது.