ஏலக்கூடத்தின் புதிய கணக்கு முறை: இயக்குநர் குழுவுக்கான திருத்திய விளக்கம்

பக்கம் 1. இந்த விளக்கம் எதற்காக

மீன் ஏலக் கணக்குக்கான புதிய மென்பொருள் அமைப்பைப் பற்றிச் சென்ற கூட்டத்தில் தொழில்நுட்பக் குழு முன்வைத்த விளக்கப் படங்களில் பெட்டிகளும் அம்புக்குறிகளும் நிறைந்திருந்தன. அவை கட்டுபவர்களுக்குப் பயன்படும், முடிவெடுப்பவர்களுக்குப் பயன்படா. சங்கத்தின் பணம் எதற்குச் செலவாகிறது, எந்த ஆபத்தை நாம் ஏற்றுக்கொள்கிறோம் என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் தலைவரும் இயக்குநர்களுமே. ஆகவே அதே அமைப்பை, தாங்கள் நன்கறிந்த ஏலக்கூடத்தைக் கொண்டே இங்கே விளக்கியுள்ளோம். அமைப்பில் எதையும் மாற்றவில்லை. ஒப்பந்தத்தோடு ஒத்துப் பார்க்க உதவியாக, அதில் வரும் பெயர்களையும் தேவையான இடங்களில் குறித்துள்ளோம்.

பக்கம் 2. இன்று நடப்பது

பாம்பன், மண்டபம், தொண்டி ஆகிய மூன்று இறங்குதளங்களிலும் விசைப்படகுகள் காலையில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கரை திரும்புகின்றன. மீன் தரம் பிரிக்கப்பட்டு, எடை போடப்பட்டு, ஏலம் விடப்படுகிறது. படகு எண், மீன் வகை, எடை, விலை, வாங்கிய வியாபாரி ஆகிய ஐந்தும் ஒரு சிட்டையில் எழுதப்பட்டுக் கம்பியில் குத்தப்படுகின்றன. மாலையில் கணக்கப்பிள்ளை அந்தக் கம்பியை எடுத்துப் பேரேட்டில் பதிகிறார். நனைந்து எழுத்து கலைந்த சிட்டை ஒன்று இருந்தாலும், அந்தப் படகுக்காரருக்கும் அவரோடு கடலுக்குப் போன தொழிலாளர்களுக்கும் சேர வேண்டிய பங்கு தள்ளிப்போகிறது. புதிய முறை தீர்க்க வேண்டியது இந்தத் தாமதத்தைத்தான்.

பக்கம் 3. தனித்தனி மேசைகள்

புதிய மென்பொருள் ஒரே பெரிய நிரலாக எழுதப்படவில்லை. எடை பதியும் மேசை, பேரேட்டு மேசை, பணம் அனுப்பும் மேசை, டீசல் மற்றும் ஐஸ் கடன் மேசை எனப் பிரித்து எழுதப்பட்டுள்ளது. ஒப்பந்தத்தில் ‘மைக்ரோசர்வீஸ்’ என்பது இதுவே. வங்கியின் பக்கம் கோளாறு ஏற்பட்டுப் பணம் அனுப்பும் மேசை நின்றுபோனாலும், எடை போடுவது நிற்காது. வாசலில் ஒருவர் நின்று, வருபவர் உறுப்பினர்தானா எனப் பார்த்து, உரிய மேசைக்கு அனுப்புகிறார். ‘கேட்வே’ என்பது அவருடைய வேலை. ஒரே நேரத்தில் பல படகுகள் வந்தால் கூடுதல் தராசுகளை வைத்து, ஓய்ந்திருக்கும் தராசுக்கு அடுத்த படகை அனுப்புவது ‘லோட் பேலன்சர்’.

மேசைகள் கூடினால் அவற்றைப் பராமரிக்கும் செலவும் கூடும். மூன்று இறங்குதளங்களுக்கு இந்த நான்கு மேசைகள் போதும் என்பதே எங்கள் கருத்து. இதற்கு மேல் பிரிக்கலாம் என்ற யோசனையை நாங்கள் ஏற்கவில்லை.

பக்கம் 4. கம்பியும் சிட்டையும்

அமைப்பின் உயிர்நாடி இந்தப் பக்கத்தில்தான் உள்ளது. நேரம் குறைவாக இருந்தால் இதை மட்டுமாவது முழுமையாகப் படிக்க வேண்டுகிறோம்.

எடை போடுபவர், பேரேட்டில் பதிவு முடியும்வரை காத்திருப்பதில்லை. சிட்டையைக் கம்பியில் குத்திவிட்டு அடுத்த கூடையைத் தராசில் ஏற்றுகிறார். கணக்கப்பிள்ளை தம் வேகத்தில், முதலில் குத்தியதை முதலில் எடுக்கிறார். புதிய முறையிலும் எடை மேசைக்கும் பேரேட்டு மேசைக்கும் நடுவே இத்தகைய ஒரு கம்பி உண்டு. அதன் பெயர் ‘மெசேஜ் கியூ’. பேரேட்டு மேசை அரை மணி நேரம் நின்றாலும் சிட்டைகள் கம்பியிலேயே இருக்கும்; தொலைந்துபோகா.

இறங்குதளத்தில் கைபேசிச் சிக்னல் அடிக்கடி விட்டுப்போவதை அனைவரும் அறிவோம். சிக்னல் இல்லாதபோது எழுத்தரின் கைபேசியே சிட்டையை வைத்துக்கொண்டு, சிக்னல் வந்ததும் அனுப்பிவிடும். இங்கே ஒரு நுட்பமான ஆபத்து உள்ளது. சிட்டை போய்ச் சேர்ந்தபின், ‘கிடைத்தது’ என்ற பதில் திரும்பி வருவதற்குள் சிக்னல் விட்டுப்போனால், கைபேசி அதே சிட்டையை மறுபடியும் அனுப்பும். எச்சரிக்கையின்றிக் கட்டப்பட்ட அமைப்பு அதை இரண்டாவது விற்பனையாக எண்ணி, 40 கிலோ நகரையை 80 கிலோவாகப் பதிந்துவிடும். இதைத் தடுக்க, ஒவ்வொரு சிட்டைக்கும் எழுதும்போதே கைபேசியில் ஓர் எண் இடப்படுகிறது. அந்த எண் ஏற்கெனவே பேரேட்டில் இருந்தால், இரண்டாவதாக வந்த சிட்டை ஒதுக்கப்படும். ஒரே வகை மீன் ஒரே எடையில் உண்மையாகவே இரண்டு முறை விற்கப்பட்டால், இரண்டு சிட்டைகளுக்கும் வெவ்வேறு எண் இருப்பதால் இரண்டுமே பதிவாகும்.

பக்கம் 5. விலைப் பலகை

அன்றைய விலையை அறிய ஒவ்வொருவரும் கணக்கப்பிள்ளையிடம் வந்து நின்றால் அவருடைய வேலை ஓடாது. அதனால் வாசலில் ஒரு பலகையில் எழுதி வைக்கிறோம். ‘கேஷ்’ என்பது அந்தப் பலகை. பலகையில் உள்ள விலை சற்றுப் பழையதாக இருக்கலாம். ஆகையால் பலகையைப் பார்த்து விலை நிலவரம் சொல்லலாம். பணம் தருவதற்குப் பேரேட்டை மட்டுமே பார்க்க வேண்டும். இந்த விதியை மென்பொருளிலேயே கட்டாயமாக்கியுள்ளோம்.

பக்கம் 6. பேரேட்டின் நகல்

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த கரை இது. ஆகவே பேரேடு இங்குள்ள எந்த அலுவலகத்திலும் இருக்காது. மூலப் பேரேடு மும்பையில் உள்ள தரவு மையத்திலும், நொடிக்கு நொடி எழுதப்படும் நகல் ஹைதராபாத்திலும் இருக்கும். தவறாக அழிக்கப்பட்ட ஒரு பதிவு நகலிலும் உடனே அழிந்துவிடும் என்பதால், அன்றாடம் இரவில் ஒரு முழுப் பிரதி எடுத்துத் தனியே பூட்டி வைக்கப்படும். இது இரட்டைச் செலவாகத் தோன்றலாம்; நகலும் பிரதியும் காப்பது வெவ்வேறு ஆபத்துகளிலிருந்து.

பக்கம் 7. ஏலக்கூடத்தோடு ஒத்துவராத இடம்

ஏலக்கூடத்தில் கணக்கப்பிள்ளை வராவிட்டால் அவருடைய காலி நாற்காலி எல்லோர் கண்ணிலும் படும். மென்பொருளில் ஒரு மேசை நின்றுபோனால் வெளியே எதுவும் தெரியாது. சிட்டைகள் ஓசையின்றிக் குவிந்துகொண்டிருக்கும். ஆகவே கம்பியில் 200 சிட்டைகளுக்கு மேல் சேர்ந்தால், பொறுப்பாளரின் கைபேசிக்கு அழைப்பு போகும். கண்காணிப்புக்கென ஒதுக்கிய தொகையைக் குறைக்கலாம் என்ற கருத்து சென்ற கூட்டத்தில் எழுந்தது. அதைக் குறைக்க வேண்டாம் என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறோம்.

பக்கம் 8. ‘99.9 விழுக்காடு’ என்பதன் பொருள்

ஒப்பந்தத்தில் அமைப்பு 99.9 விழுக்காடு நேரம் இயங்கும் என்று உள்ளது. ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டே முக்கால் மணி நேரம் அது நின்றுபோகலாம் என்பதே இதன் பொருள். நள்ளிரவில் நின்றால் ஒருவருக்கும் நட்டமில்லை. படகுகள் கரை சேரும் காலைப் பொழுதில் இரண்டு மணி நேரம் நின்றால், ஐஸ் உருகி மீனின் விலை இறங்கிவிடும். எனவே திட்டமிட்ட பராமரிப்பு எதுவும் அதிகாலை 4 மணி முதல் பகல் 12 மணிவரை நடக்கக் கூடாது என்ற வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கக் கோருகிறோம்.

பக்கம் 9. இயக்குநர் குழு முடிவு செய்ய வேண்டியவை

முதலாவது, மாற்றத்துக்கான காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லா. நாட்டுப்படகு மீன் மட்டும் குறைந்த அளவில் வரும். அந்தச் சிறிய வரத்தை வைத்துப் புதிய முறையைப் பழக்கி, பழைய சிட்டையையும் கூடவே எழுதி, இரண்டையும் ஒவ்வொரு மாலையும் ஒப்பிடலாம். ஆனால் தடை நீங்கியபின் வரும் முதல் ஏல நாளில் நெரிசல் உச்சத்தில் இருக்கும் என்பதால், அதற்கு முன்பே போலிச் சிட்டைகளை மொத்தமாக அனுப்பி அமைப்பைச் சோதிக்க அனுமதி வேண்டும்.

இரண்டாவது, கைபேசியில் எழுதப்பட்டு இன்னும் பேரேட்டுக்கு வந்துசேராத சிட்டையைக் காட்டி உறுப்பினர் முன்பணம் கேட்டால் தருவதா என்பது. மென்பொருளை இரண்டு விதமாகவும் அமைக்க முடியும்; எது நியாயம் என்பதை உறுப்பினர்களின் நிலை அறிந்த தாங்கள்தான் சொல்ல வேண்டும். பேரேட்டில் ஏறும்வரை முழுத் தொகை தராமல், டீசலுக்கு மட்டும் ஒரு வரம்புக்குள் முன்பணம் தரலாம் என்பது எங்கள் பரிந்துரை. அந்த வரம்பை இக்கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதித் தந்தால், தடைக்காலம் தொடங்குமுன் பணம் அனுப்பும் மேசையின் வேலையை முடித்துவிட இயலும்.